மொச்சையை யார் வாசிப்பது? – என் பணி நிறைவு உரை

2024-ல் நான் ஓய்வு பெற்றபோது எங்கள் பள்ளியில் ஒரு சிறிய விழா நடத்தினார்கள். அன்று பேசியதை எழுத்தில் தரும்படி பழைய நண்பர்கள் சிலர் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கையில் வைத்திருந்த குறிப்பை விரித்து இங்கே தருகிறேன். பள்ளியின் பெயர் வேண்டாம். குஜிலியம்பாறைப் பக்கத்து ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி என்றால் போதும். உரை நீளம் என்று என் வீட்டம்மா அன்றே சொல்லிவிட்டார். பொறுத்துக்கொள்ளுங்கள்.

*

மதிப்பிற்குரிய வட்டாரக் கல்வி அலுவலர் அவர்களே, தலைமையாசிரியர் அவர்களே, உடன் பணியாற்றும் ஆசிரியப் பெருமக்களே, பெற்றோர்களே, முன்வரிசையில் நெளிந்துகொண்டிருக்கும் என் குழந்தைகளே, அனைவருக்கும் வணக்கம்.

எனக்குப் பொன்னாடை போர்த்தினீர்கள், நல்ல வார்த்தைகள் நிறையச் சொன்னீர்கள். நான் வேறு ஒரு விஷயம் பேச விரும்புகிறேன். இந்த முப்பது வருடத்தில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை தமிழ் எழுத்தைப் படிக்கக் கற்கும் விதம் எப்படியெல்லாம் மாறியது என்பதைத்தான் சொல்லப் போகிறேன். மற்றப் பாடங்களை விட்டுவிடுகிறேன். வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு மற்றப் பாடங்கள் எல்லாம் பூட்டிய வீடுதான்.

நான் பணியில் சேர்ந்தது 1994-ல். அப்போது இந்தப் பகுதி வேடசந்தூர் தாலுகாவில் இருந்தது. குஜிலியம்பாறை தனித் தாலுகா ஆனதெல்லாம் பின்னால். இன்று மேடையில் இருக்கும் அலுவலர் பதவியை அன்று உதவித் தொடக்கக் கல்வி அலுவலர் என்போம். ஒன்றாம் வகுப்பில் நாற்பது பிள்ளைகளுக்கு மேல் தரையில் உட்கார்ந்திருப்பார்கள். கடலை பறிக்கும் காலம் வந்தால் பாதி வகுப்பு காலியாகிவிடும். சில பெண் பிள்ளைகள் இடுப்பில் தம்பியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். சேர்க்கைப் படிவத்தில் அம்மாக்களில் பெரும்பாலோர் கைநாட்டு வைத்தார்கள். மத்தியானச் சத்துணவுதான் பல பிள்ளைகளைப் பள்ளியில் நிறுத்தி வைத்தது. எம்.ஜி.ஆர். 1982 ஜூலையில் தொடங்கி வைத்த அந்தத் திட்டம் இல்லாவிட்டால் என் வகுப்பில் பாதிப் பேர் ஆடு மேய்க்கப் போயிருப்பார்கள்.

அன்று நாங்கள் சொல்லிக்கொடுத்த முறை உங்களுக்கெல்லாம் தெரிந்ததுதான். நான் 'அ' என்பேன், வகுப்பு 'அ' என்று கத்தும். உயிரெழுத்து 12, மெய்யெழுத்து 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று, ஆக 247. இந்த வரிசையைப் பிள்ளைகள் பாட்டாகவே பாடுவார்கள். மணலில் விரலால் எழுதுவார்கள், பிறகு சிலேட்டுக்கு வருவார்கள். வகுப்பு முழுவதும் ஒரே நாளில் ஒரே எழுத்துதான். கடலைக் காட்டுக்குப் போன பிள்ளை பத்து நாள் கழித்துத் திரும்பினால் வகுப்பு அடுத்த வரிசைக்குப் போயிருக்கும். அந்தப் பிள்ளைக்காகப் பின்னால் போக வழி இல்லை. அப்படி இரண்டு முறை பின்தங்கிய பிள்ளை மூன்றாம் முறை பள்ளிக்கே வராது.

அந்த முறையில் ஒரு நன்மை இருந்தது. பிள்ளைகளின் ஞாபகம் உறுதியாக இருந்தது. பாட்டும் வாய்ப்பாடும் தலைகீழாகச் சொல்வார்கள். ஆனால் அந்த ஞாபகமே எங்களுக்குக் கண்கட்டு வித்தை காட்டியது. பாடப் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் பிள்ளை கடகடவென்று 'வாசிக்கும்'. மேற்பார்வைக்கு வந்தவர்கள் பாராட்டிவிட்டுப் போவார்கள். பக்கத்தைத் திருப்ப மறந்துவிட்டால் கூட அந்தப் பிள்ளை அடுத்த பக்கத்தையும் சேர்த்து 'வாசித்துக்கொண்டிருக்கும்'.

அதே காலத்தில் ஊரின் பெரியவர்கள் வேறு விதமாகக் கற்றார்கள் என்பதை இங்கே சொல்ல வேண்டும். 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் நடந்தது. புதுக்கோட்டையில் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டதும் அந்த இயக்கத்தில்தான். அறிவொளியில் 'அ, ஆ' என்று வரிசையாகத் தொடங்கவில்லை. பெரியவர்கள் தினமும் புழங்கும் சொல்லை எடுத்து, அந்தச் சொல்லுக்குள் இருக்கும் எழுத்துகளைக் காட்டினார்கள். பகல் முழுவதும் காட்டில் வேலை செய்துவிட்டு ராத்திரி அரிக்கேன் வெளிச்சத்தில் உட்காருகிறவர்களுக்கு 247 எழுத்தையும் முடித்த பிறகுதான் முதல் சொல் என்றால் இரண்டாம் நாளே வரமாட்டார்கள். ப, ட, ம என்ற மூன்று எழுத்து தெரிந்தால் 'படம்' வாசிக்கலாம், இன்னும் கொஞ்சம் போனால் 'பட்டம்', 'மட்டம்' எல்லாம் வந்துவிடும். புள்ளி வைத்த எழுத்து எப்படி ஒலிக்கும் என்பதும் அதிலேயே புரிந்துவிடும். பெரியவர்களுக்குப் பலன் கொடுத்த இந்த வழி பிள்ளைகளின் வகுப்பறைக்கு வர இன்னும் பல வருடம் ஆனது.

வந்தது செயல்வழிக் கற்றல் என்ற பெயரில். அதன் கதை ஆந்திராவில் மதனப்பள்ளி பக்கத்திலுள்ள ரிஷிவேலியில் தொடங்குகிறது. அங்கே சுற்று வட்டாரக் கிராமங்களில் ஓராசிரியர் பள்ளிகள் நடத்தினார்கள். ஒரே அறையில் ஐந்து வகுப்பும் இருந்தால் எல்லாருக்கும் ஒரே பாடம் எப்படி நடத்துவது? அதனால் பாடத்தைச் சிறு சிறு அட்டைகளாக வெட்டி, படிப்படியாக அடுக்கி, ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் ஏறும்படி செய்தார்கள். வேலூரில் மாவட்ட ஆட்சியராக இருந்த திரு. எம்.பி. விஜயகுமார், கொத்தடிமையிலிருந்து மீட்ட குழந்தைகளுக்குப் பள்ளி நடத்த வழி தேடியபோது இந்த முறையைக் கவனித்தார். பிறகு அவர் சென்னை மாநகராட்சி ஆணையராக வந்து, 2003-ல் மாநகராட்சியின் 13 பள்ளிகளில் இதைத் தொடங்கினார். 2007-08-ல் அது மாநிலம் முழுவதும் வந்தது. எங்கள் பள்ளிக்கும் வந்தது.

வந்த அன்று வகுப்பறையே அடையாளம் தெரியவில்லை. என் நாற்காலி ஓரமாகப் போனது. சுவரில் பிள்ளைகளின் உயரத்துக்குக் கரும்பலகை அடித்து, ஒவ்வொருவருக்கும் ஒரு கட்டம் பிரித்தோம். தலைக்கு மேலே கம்பி கட்டி, பிள்ளைகள் வரைந்ததைத் தொங்கவிட்டோம். தட்டுகளில் அட்டைகள், ஒவ்வொரு அட்டையிலும் ஒரு சின்னம். சுவரில் கற்றல் ஏணி. பிள்ளை தன் படியை ஏணியில் பார்த்து, அதே சின்னமுள்ள அட்டையை எடுத்து, அந்த வேலைக்குரிய குழுவில் போய் உட்காரும். ஆசிரியரின் முழு உதவியோடு கற்பவர்கள், பாதி உதவியோடு கற்பவர்கள், சக மாணவரின் முழு உதவி பெறுபவர்கள், பாதி உதவி பெறுபவர்கள், தானாகச் செய்பவர்கள், மதிப்பீடு செய்துகொள்பவர்கள் என்று ஆறு குழு. நான் பாயில் பிள்ளைகளோடு உட்கார்ந்தேன்.

பெற்றோர்களுக்கு இது பிடிக்கவில்லை. "சார், புத்தகம் எங்கே? வீட்டுப்பாடம் எங்கே? வாத்தியார் தரையில உக்காந்தா பயம் எப்படி வரும்?" என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டதிலும் கொஞ்சம் நியாயம் உண்டு. அட்டைகள் கிழியும், தொலையும். ஒரு அட்டை இல்லாவிட்டால் அந்தப் படியில் ஐந்து பிள்ளைகள் காத்திருப்பார்கள். சக மாணவர் உதவி என்பது சில நேரம் விடையைச் சொல்லிக்கொடுப்பதாக முடியும். அதில் படி ஏறியதாகக் குறித்துவிடுவோம், எழுத்து ஏறியிருக்காது.

ஆனால் ஒரு பெரிய மாற்றத்தை நான் கண்ணால் பார்த்தேன். கடலை பறிப்புக்குப் போன பிள்ளை திரும்பி வந்து, தான் விட்ட படியிலிருந்தே தொடங்கியது. "நீ எங்கே இருந்தாய்?" என்று யாரும் கேட்கவில்லை. எழுத்துகளும் அகர வரிசையை விட்டு, வரைய எளிதான வடிவங்களிலிருந்து தொடங்கின. கோடு போடத் தெரிந்த பிள்ளை 'ட'வும் 'ப'வும் எழுதிவிடும். 'அ' என்ற எழுத்தில் இருக்கும் வளைவும் சுழியும் ஐந்து வயது விரலுக்குக் கடினம். முதல் எழுத்தே மிகக் கடினமான எழுத்தாக இருக்க வேண்டிய அவசியம் என்ன?

அதன் பிறகு மாற்றங்கள் வேகமாக வந்தன. 2010 ஏப்ரலில் கல்வி உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அடுத்துச் சமச்சீர்க் கல்வி. 2012-13-ல் முப்பருவ முறை, அதோடு வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்ற கணக்கு. அட்டை முறையும் எளிமைப்படுத்தப்பட்டு, புத்தகம் மீண்டும் கைக்கு வந்தது. இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு பயிற்சி, ஒரு பதிவேடு. அவற்றை இங்கே விவரிக்கப் போவதில்லை. பிள்ளைகளும் ஊரும் மாறியதைத்தான் சொல்ல வேண்டும். வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலைகளின் வேன் ஊருக்குள் வந்தது, அம்மாக்கள் ஷிப்டுக்குப் போனார்கள். பின்னாலேயே ஆங்கிலப் பள்ளியின் மஞ்சள் வேனும் வந்தது. நாற்பது பேர் இருந்த என் ஒன்றாம் வகுப்பு பத்துக்குள் சுருங்கியது. ஆனால் சேர்க்கைப் படிவத்தில் கைநாட்டு மறைந்துவிட்டது. என்னிடம் படித்த பிள்ளைகளே இன்று அம்மாக்களாக வந்து கையெழுத்துப் போடுகிறார்கள். சிலர் பிளஸ் டூ முடித்தவர்கள். இதை நான் சாதாரணமாக நினைக்கவில்லை.

பிறகு 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளியை மூடினோம். தொடக்கப் பள்ளிகள் திறந்தது 2021 நவம்பர் 1-ஆம் தேதி. அன்று மூன்றாம் வகுப்பில் வந்து உட்கார்ந்த பிள்ளைகள் ஒன்றாம் வகுப்பையே முழுதாக முடிக்காதவர்கள். இரண்டாம் வகுப்பை அவர்கள் பார்க்கவே இல்லை. அவர்களில் ஒரு பெண் குழந்தையைப் பற்றி மட்டும் சொல்கிறேன், பெயர் வேண்டாம். அவளை வைத்துத்தான் நான் சொல்ல வந்ததைத் தெளிவாகச் சொல்ல முடியும்.

அவள் செல்போனில் பாடத்தைக் கேட்டே வளர்ந்திருந்தாள். புத்தகத்தைக் கொடுத்தேன். விரல் வைத்துக் கடகடவென்று 'வாசித்தாள்'. 1994-ல் பார்த்த அதே காட்சி. அன்று என் குரலைக் கேட்டு மனப்பாடம் செய்தார்கள், இவள் செல்போன் குரலைக் கேட்டு மனப்பாடம் செய்திருந்தாள், அவ்வளவுதான்.

இதைக் கண்டுபிடிக்க மூன்று சோதனை உண்டு. முதலாவது, வரியின் நடுவில் ஒரு சொல்லில் விரல் வைத்து, "இது என்ன?" என்று கேட்க வேண்டும். மனப்பாடம் செய்த பிள்ளை வரியின் தொடக்கத்துக்குப் போய், முணுமுணுத்துக்கொண்டே அந்த இடத்துக்கு வரும். இரண்டாவது, வரியைக் கடைசிச் சொல்லிலிருந்து பின்னோக்கி வாசிக்கச் சொல்ல வேண்டும். மூன்றாவதுதான் முக்கியமானது. பாடப் புத்தகத்தில் வராத, ஆனால் பிள்ளைக்கு நன்றாகத் தெரிந்த ஒரு சொல்லைப் பலகையில் எழுத வேண்டும். நான் 'மொச்சை' என்று எழுதினேன். மொச்சைக் குழம்பு தெரியாத பிள்ளை நம் ஊரில் கிடையாது.

அவள் 'ம' என்றாள். பிறகு 'ச' என்றாள், இன்னொரு 'ச' என்றாள். கொம்பையும் காலையும் ஒதுக்கிவிட்டு எழுத்தை மட்டும் சொன்னாள். அதாவது அவளுக்கு எழுத்து தெரியும், அதன் துணைக் குறிகள் தெரியாது. இது ஒரு பிள்ளையின் குறை அல்ல. நம் எழுத்தின் அமைப்பிலேயே இருக்கும் மேடு. மற்றக் குறிகள் எழுத்துக்குப் பின்னாலோ மேலோ கீழோ ஒட்டிக்கொள்ளும். ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, சங்கிலிக் கொம்பு மூன்றும் எழுத்துக்கு முன்னால் நிற்கும், ஆனால் ஒலி பின்னால் வரும். 'மொ'வில் ஒரே ஒலிக்கு முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால். இடமிருந்து வலமாகத்தான் வாசிக்க வேண்டும் என்று நாம்தான் சொல்லிக் கொடுத்தோம். அதையே நம்பி வாசிக்கிற பிள்ளை இங்கே திகைக்காமல் என்ன செய்யும்?

நம் தலைமுறைக்கு இது இன்னும் கடினமாக இருந்தது. யானைத் தும்பிக்கை மாதிரி சுழித்த பழைய 'லை', 'ணை', 'னை' வடிவங்களை எழுதி வளர்ந்தவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். பெரியார் பல காலம் தன் பத்திரிகையில் பயன்படுத்திய சீர்திருத்த எழுத்தை 1978-ல் அரசு ஏற்றுக்கொண்டதும் அந்தச் சுமை குறைந்தது. ஆனால் கொம்பு முன்னால் நிற்பது மாறவில்லை. 'உ', 'ஊ' வரிசையும் மாறவில்லை. 'கு' ஒரு விதம், 'சு' ஒரு விதம், 'து' ஒரு விதம். அவற்றைத் தனித்தனியாகப் பழகத்தான் வேண்டும்.

அவளுக்கு நான் செய்தது பெரிய வித்தை இல்லை. க, ச, ப, ம என்ற நான்கே எழுத்தை எடுத்தேன். முதல் வாரம் கால் மட்டும்: கா, சா, பா, மா. இரண்டாம் வாரம் ஒற்றைக் கொம்பு. 'ம' என்று ஓர் அட்டை, கொம்பு தனியாக ஓர் அட்டை. 'ம' முதலில் மேசையில் இருக்கும். அவளே கொம்பைக் கொண்டுவந்து அதன் முன்னால் வைத்து, "மெ" என்று சொல்ல வேண்டும். எழுத்தை முதலில் பார், கொம்பு அதை மாற்றுகிறது என்பது கைக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் இப்படி. பிறகு பின்னால் காலை நகர்த்தினால் "மொ". காலை எடுத்தால் மறுபடி "மெ". விளையாட்டு மாதிரி தினமும் பத்து நிமிடம். அதற்கு மேல் போனால் பிள்ளை சலித்துவிடும். நான்கு எழுத்தில் பிடித்துக்கொண்டால் மீதி பதினான்கு எழுத்துக்கும் அதே விதிதான். 216 எழுத்தையும் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டாம் என்று அவளுக்குப் புரிந்தது அப்போதுதான்.

பொங்கலுக்கு முன்பு ஒருநாள் பலகையில் 'கொள்ளு' என்று எழுதினேன். கொஞ்ச நேரம் வாயை அசைத்தாள். "கொள்ளு, சார்" என்றாள். பிறகு தானாகவே, "எங்க ஆத்தா ரசம் வைக்கும்" என்றாள். சொல்லுக்குப் பின்னால் அர்த்தம் வந்துவிட்டது. அதுதான் வாசிப்பு.

அந்தக் காலத்தில் மாலை நேரத்தில் இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர்கள் பெரிய உதவி செய்தார்கள். 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. பிள்ளைகளை வயதைப் பார்க்காமல், எந்த அளவுக்குத் தெரியும் என்று பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பிரித்தார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை அரும்பில் இருந்தாலும் அங்கிருந்தே தொடங்கலாம். அன்றைய ஏணியின் அடிப்படை எண்ணம் இதிலும் இருப்பதை நான் கண்டுகொண்டேன். 2023 ஆகஸ்டில் காலை உணவும் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் வந்தது. முதல் பிரிவேளையில் தூங்கி விழும் பிள்ளைகள் குறைந்தார்கள்.

இந்த முப்பது வருடத்தையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் இப்படித் தோன்றுகிறது. 1994-ல் வந்த பிள்ளைக்கு எழுத்து தெரியாது. ஆனால் ஒரு கதையை ஆடாமல் அசையாமல் அரைமணி நேரம் கேட்கும். இன்று வரும் பிள்ளைக்கு எழுத்துப் படமெல்லாம் செல்போனில் பழக்கம், பயமில்லாமல் கேள்வியும் கேட்கிறது. ஆனால் ஒரு பத்தியை முடிக்கும் வரை கண் அதில் நிற்பதில்லை. அன்று நாங்கள் எழுத்துக்குத் திணறினோம். இனி வரும் ஆசிரியர்கள் பொறுமைக்குத் திணற வேண்டியிருக்கும். மனப்பாடத்தை வாசிப்பு என்று நம்பி ஏமாறும் ஆபத்து மட்டும் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. ஏனென்றால் பதிவேட்டில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

என் இடத்துக்கு வரும் இளைய ஆசிரியைக்கு ஒன்று சொல்கிறேன். டீச்சர், நீங்கள் என்னைவிட அதிகம் படித்தவர். முறை மறுபடி மாறும், புதுப் பெயர் வரும், புதுப் பதிவேடு வரும். எது வந்தாலும் வாரம் ஒருமுறை ஒவ்வொரு பிள்ளையையும் தனியாகக் கூப்பிட்டு, புத்தகத்தில் இல்லாத ஒரு சொல்லை எழுதிக் காட்டுங்கள். அதில் ஒரு கொம்பாவது இருக்கட்டும். இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரிந்த சொற்களை ஒரு நோட்டில் எழுதி அலமாரியில் வைத்திருக்கிறேன். சோளம், கேப்பை, பொட்டுக்கடலை, வெள்ளாடு, தொட்டில், சேவல் என்று நிறைய இருக்கிறது. தீர்ந்துபோனால் பிள்ளைகளிடமே கேளுங்கள், இன்னும் நூறு தருவார்கள்.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை வீட்டில் பாடத்தை ஒப்பித்தால் சந்தோஷப்படுங்கள். அதோடு விட்டுவிடாதீர்கள். மளிகைக் கடைச் சீட்டையோ பஸ்ஸின் பெயர்ப் பலகையையோ காட்டி, "இது என்ன, சாமி?" என்று கேளுங்கள். பிள்ளை திக்கினால் திட்ட வேண்டாம். எந்த எழுத்தில் திக்கியது என்று மட்டும் மறுநாள் டீச்சரிடம் சொல்லுங்கள். அது போதும்.